ரவுட்டர் தானாக அணைந்து எழுகிறதா? அடாப்டரைச் சந்தேகியுங்கள்

வீட்டு இணையம் படுத்தும்போது நம் சந்தேகம் போகும் வரிசை அநேகமாக ஒன்றுதான். முதலில் இணைப்பு தரும் நிறுவனம், பிறகு ரவுட்டர், பிறகு பிள்ளைகளின் போன். சுவரில் செருகி, டிவி அலமாரிக்குப் பின்னால் தூசியில் கிடக்கும் அந்தச் சிறிய கறுப்பு அடாப்டரை யாரும் நினைப்பதில்லை. ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தால் கரண்ட் வருகிறது, ஆகவே அடாப்டர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறோம். இந்த முடிவு தவறு. விளக்கு எரிவதற்கு மிகச் சிறிய மின்னோட்டம் போதும். ரவுட்டர் முழு வேலை செய்யும்போது அது கேட்கும் மின்னோட்டத்தை, மின்னழுத்தம் இறங்காமல் அடாப்டரால் தர முடிகிறதா என்பதுதான் கேள்வி. இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கு வீட்டிலேயே விடை காண்பதைப் பற்றியது.

முதலில் நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

"நெட் போய்ப் போய் வருது" என்று சொல்லும்போது அதற்குள் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கலாம். வெளியிலிருந்து வரும் இணைப்பு அறுந்து திரும்ப வருவது ஒன்று. ரவுட்டரே அணைந்து மறுபடி எழுவது மற்றொன்று. முதலாவதற்கும் அடாப்டருக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. இரண்டாவதில்தான் அடாப்டர் முக்கியக் குற்றவாளி. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் அடாப்டர் வாங்க ஓடினால் காசு வீணாகலாம்.

நேரில் பார்க்க வாய்த்தால் விளக்குகளே சொல்லிவிடும். பைபர் இணைப்பில் LOS விளக்கு சிவப்பாக எரிய, மற்ற விளக்குகள் அப்படியே இருந்தால் ஒளி வரவில்லை, கம்பிப் பக்கம் கோளாறு. எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்து, ஸ்விட்சைப் போட்டதுபோல முதலிலிருந்து ஒவ்வொன்றாக எழுந்தால் ரவுட்டரே ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. ஆனால் நாம் பார்க்கும்போது அது நடப்பதில்லை. அதனால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதே சுலபம். பிரவுசரில் 192.168.1.1 என்றோ, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் வேறு முகவரியையோ கொடுத்து உள்ளே நுழைந்தால், நிலையைக் காட்டும் பக்கத்தில் `System Uptime` அல்லது `Device Uptime` என்று ஒரு வரி இருக்கும். ரவுட்டர் கடைசியாக எழுந்ததிலிருந்து எத்தனை நேரம் ஆகிறது என்பதை அது காட்டும். வீட்டில் காலையிலிருந்து கரண்ட் போகவே இல்லை, ஆனால் அங்கே 1 மணி 10 நிமிடம் என்று இருந்தால் ரவுட்டர் தானாக எழுந்திருக்கிறது என்பது உறுதி. பக்கத்திலேயே `WAN Uptime` அல்லது `PPP Uptime` என்று இன்னொரு வரி இருக்கலாம். அது வெளி இணைப்பின் வயது. ரவுட்டரின் வயது பல நாட்களாக இருந்து, இணைப்பின் வயது மட்டும் குறைவாக இருந்தால் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டியதுதான்.

பதிவுப் பக்கமும் உதவும். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி கிடையாது. எழுந்தவுடன் அதற்குத் தேதி தெரியாது. இணையம் கிடைத்த பிறகுதான் நேரத்தைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளும். ஆகவே பதிவுகளுக்கு நடுவில் திடீரென்று 1970 ஜனவரி 1 என்று சில வரிகள் வந்து, பிறகு இன்றைய தேதிக்குத் தாவினால் அந்த இடத்தில் ரவுட்டர் எழுந்திருக்கிறது என்று பொருள். ரீஸ்டார்ட் ஆனதும் பழைய பதிவுகளைத் தொலைத்துவிடும் ரவுட்டர்களும் உண்டு. அவற்றில் பதிவு மிகச் சிறியதாக இருப்பதே அடையாளம்.

இவை எதுவும் இல்லாத எளிய ரவுட்டராக இருந்தால், ஒரு கம்ப்யூட்டரை வைஃபையில் அல்லாமல் கேபிளில் இணைத்து, கமாண்ட் பிராம்ப்டில் இதைக் கொடுத்து மாலை முழுவதும் ஓட விடுங்கள்:

```
ping -t 192.168.1.1
```

இது வெளி உலகத்தைக் கேட்பதில்லை. ரவுட்டரை மட்டும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். வெளி இணைப்பு அறுந்தாலும் ரவுட்டர் விழித்திருந்தால் பதில் வந்துகொண்டே இருக்கும். ஒன்றிரண்டு நிமிடம் பதிலே வராமல் இருந்து பிறகு வரத் தொடங்கினால் ரவுட்டர் படுத்து எழுந்திருக்கிறது. கேபிளில் இணைக்கச் சொல்வதற்குக் காரணம், வைஃபையில் சிக்னல் குறைந்தாலும் இதேபோல் பதில் வராமல் போகும், இரண்டும் குழம்பிவிடும்.

ஒரு விஷயத்தையும் கவனியுங்கள். தினமும் விடியற்காலை ஒரே நேரத்தில், நிமிடம் பிசகாமல் ரவுட்டர் எழுந்தால் அது யாரோ அமைத்துவைத்த தானியங்கி ரீஸ்டார்ட்டாக இருக்கலாம், அல்லது நிறுவனம் தொலைவிலிருந்து மென்பொருளைப் புதுப்பிப்பதாக இருக்கலாம். அடாப்டர் கோளாறுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. அது வேலைப்பளுவையும் வெப்பத்தையும் பின்தொடரும்.

அடாப்டருக்குள் எது தளர்கிறது

அடாப்டர் 230 வோல்ட் மாறு மின்னோட்டத்தை வாங்கி 12 வோல்ட் நேர் மின்னோட்டமாகத் தருகிறது. இன்றைய அடாப்டர்கள் இதை நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டிச் செய்கின்றன. வெளியே வரும் மின்சாரம் அதனால் துண்டு துண்டாகத்தான் பிறக்கிறது. அந்தத் துண்டுகளைச் சமன்படுத்தி ஒரே சீரான ஓட்டமாக்குவது உருளை வடிவக் கெப்பாசிட்டர்கள். மொட்டை மாடித் தொட்டிபோல அவை: மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் சீராக வரும், தொட்டி தூர்ந்துபோகாத வரையில்.

இந்தக் கெப்பாசிட்டர்களுக்குள் திரவம் தோய்ந்த காகிதம் இருக்கிறது. வெப்பத்தில் அந்தத் திரவம் மெல்ல மெல்லக் காய்கிறது. காயக் காய, தேக்கும் அளவு குறைகிறது. உள் மின்தடை ஏறுகிறது. இதன் வேகத்தைக் கணக்கிட எலக்ட்ரானிக்ஸ் துறையில் ஒரு பழைய விதி உண்டு: வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், 10 டிகிரி ஏறினால் பாதியாகும். சாதாரணக் கெப்பாசிட்டரின் மேல் 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். அந்த வெப்பத்தில் அதற்கு 2,000 மணி நேர ஆயுள் என்று வைத்துக்கொள்வோம். அடாப்டருக்குள் 65 டிகிரி இருந்தால் 40 டிகிரி குறைவு. நான்கு முறை இரட்டித்தால் 32,000 மணி நேரம். வருடத்துக்கு 8,760 மணி நேரம். ரவுட்டர் இரவு பகலாக ஓடுகிறது. ஆக மூன்றரை வருடத்துக்குச் சற்றுக் கூடுதல். அதே அடாப்டரை காற்று நுழையாத அலமாரிக்குள், செட்டாப் பாக்ஸுக்கு மேல் வைத்து உள்ளே 75 டிகிரி ஆகிவிட்டால் கணக்கு 16,000 மணி நேரம். இரண்டு வருடம்கூட இல்லை. டிவியின் அடாப்டரோ போன் சார்ஜரோ இப்படி ஓய்வில்லாமல் வேலை செய்வதில்லை. ரவுட்டர் அடாப்டர்கள் மட்டும் ஏன் இத்தனை சீக்கிரம் தளர்கின்றன என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

தளர்வது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதுதான் தொல்லை. பியூஸ் போனால் அடாப்டர் செத்துவிடும், நாமும் மாற்றிவிடுவோம். கெப்பாசிட்டர் காய்ந்தால் அடாப்டர் சாகாது. ரவுட்டர் சும்மா இருக்கும்போது 12 வோல்ட் வரும். நாலு பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்கத் தொடங்கி, வைஃபை முழு பலத்தில் ஒலிபரப்பும்போது மின்னழுத்தம் இறங்கும். சராசரியாகப் பார்த்தால் 11 வோல்ட் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு நொடிக்குள்ளும் ஆயிரக்கணக்கான சிறு பள்ளங்கள் அதற்குக் கீழே விழுந்துகொண்டிருக்கும். ரவுட்டருக்குள் இருக்கும் சுற்றுகள் 12 வோல்ட்டை 3.3 வோல்ட், 1 வோல்ட் என்று குறைத்து சிப்புகளுக்குத் தருபவை. கொஞ்சம் இறங்கினால் அவை தாங்கிக்கொள்ளும். ஒரு பள்ளம் தாங்கும் எல்லைக்குக் கீழே போய்விட்டால், பிராசசரின் காவல் சுற்று அதை உடனே முதலிலிருந்து தொடங்கவைக்கும். நமக்குத் தெரிவது, எல்லா விளக்குகளும் அணைந்து எழுவது.

வேகம் ஏன் குறைகிறது

ரீஸ்டார்ட் ஆவதற்கு அடாப்டர் காரணம் என்றால் எளிதில் புரிகிறது. வேகம் குறைவதற்கும் அதுதான் காரணம் என்றால் பலர் நம்புவதில்லை. இரண்டு வழிகளில் அது நடக்கிறது.

முதல் வழி நேரானது. வைஃபை அனுப்பும் பகுதிக்குச் சீரான மின்னழுத்தம் வேண்டும். அது நடுங்கினால் அனுப்பும் அலையும் கலங்கும். எதிரில் இருக்கும் போன் சரியாகப் படிக்க முடியாமல் அதே தகவலை மறுபடி கேட்கும். தவறுகள் கூடினால் ரவுட்டர் தானாகவே வேகம் குறைந்த, நிதானமான முறைக்கு இறங்கிக்கொள்ளும். ரீஸ்டார்ட் ஆகும் அளவுக்கு அடாப்டர் தளர்வதற்கு முன்பே இது தொடங்கலாம். ஆனால் இதை வீட்டில் நிரூபிப்பது கடினம். பக்கத்து வீட்டு வைஃபையின் நெரிசலும் இதே விளைவைத் தரும்.

இரண்டாவது வழி சுற்று வழி. வீடுகளில் அதிகம் காண்பதும் இதுவே. இரண்டு அலைவரிசைகளுள்ள ரவுட்டர் எழும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் முதலில் வந்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் சற்றுத் தாமதமாக வரும். சில சேனல்களில், அருகில் ரேடார் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்த பிறகுதான் ஒலிபரப்ப வேண்டும் என்ற விதியும் உண்டு. அந்த இடைவெளியில் வீட்டுப் போன்களும் டிவியும் கிடைத்த 2.4-ஐப் பிடித்துக்கொள்கின்றன. பிறகு 5 வந்தாலும் பல கருவிகள் மாறுவதில்லை. ரீஸ்டார்ட்டை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு நிமிட விஷயம். ஆனால் அதற்குப் பிறகு மாலை முழுவதும் டிவி மெதுவான அலைவரிசையில் கிடந்து சுற்றிக்கொண்டே இருக்கும். வீட்டிலுள்ளவர்கள் சொல்லும் புகார் "நெட் ஸ்லோ" என்பது மட்டும்தான். எனவே வேகம் குறைவு என்று யாராவது சொன்னால், டிவியோ போனோ எந்த அலைவரிசையில் இருக்கிறது என்றும், ரவுட்டரின் `System Uptime` எவ்வளவு என்றும் சேர்த்துப் பாருங்கள்.

திருச்சியில் ஒரு வீடு

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு. பைபர் இணைப்பு, 12 வோல்ட் 1.5 ஆம்பியர் அடாப்டர், வாங்கி நான்கு வருடம். மாலை ஏழு மணிக்கு மேல் படம் பார்த்தால் நின்று நின்று வருகிறது, சில நேரம் போன்களில் வைஃபையே காணாமல் போகிறது என்பது புகார். நிறுவனத்திலிருந்து வந்த பையன் பைபர் முனையைத் துடைத்து, வரும் ஒளியின் அளவைப் பார்த்து, −21 டிபிஎம், நன்றாகவே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி. இந்த வகை இணைப்பில் −27-க்குக் கீழே போனால்தான் கவலைப்பட வேண்டும். மறுநாள் மாலை அதே கதை. புது ரவுட்டர் வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது.

ரவுட்டர் பக்கத்தைத் திறந்தபோது இயங்கும் நேரம் ஒரு மணிக்குச் சற்று அதிகம் என்று இருந்தது. அன்று கரண்ட் போகவில்லை. டிவி 2.4-ல் கிடந்தது. இதற்கு மேல் பைபர் பக்கம் போக வேண்டியதில்லை. அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு அடாப்டரைத் தொட்டால் நன்றாகச் சுட்டது. காதருகே வைத்தால் மெல்லிய கீச்சொலி.

"லைட் எரியுதே தம்பி, அடாப்டர் எப்படிப் போயிருக்கும்?" என்று கேட்டார் ஆசிரியர்.

"போகல சார், தளர்ந்திருக்கு. லோடு குடுத்துப் பாத்தா தெரிஞ்சிரும்" என்றார் பார்க்க வந்த மெக்கானிக்.

அடாப்டரைக் கழற்றி மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து முனையில் பார்த்தால் 12.3. பலர் இந்த இடத்தில் அடாப்டர் நன்றாக இருக்கிறது என்று மூட்டை கட்டிவிடுவார்கள். சுமை இல்லாமல் எடுத்த அளவுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. சுமையோடு பார்க்க, சிசிடிவி கடைகளில் கிடைக்கும் டிசி பின்கள் இரண்டை மெக்கானிக் வைத்திருந்தார். ஒன்று ஆண், ஒன்று பெண். பின்னால் ஸ்க்ரூ முடுக்கும் பச்சை முனைகள். இரண்டையும் ஒரு சாண் வயரால் இணைத்து அடாப்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் போட்டால், ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஸ்க்ரூக்களில் மீட்டர் முனையை வைத்துப் பார்க்கலாம். ப்ளஸ் ப்ளஸ்ஸுக்கும் மைனஸ் மைனஸுக்கும் போகிறதா என்று ரவுட்டரில் செருகுவதற்கு முன் பார்த்துக்கொண்டால் போதும்.

ரவுட்டர் சும்மா இருந்தபோது 11.7. இரண்டு போன்களில் வீடியோ ஓடவிட்டு, லேப்டாப்பில் பெரிய கோப்பு ஒன்றை இறக்கத் தொடங்கியதும் 11.3, 10.9, 11.2 என்று எண் நிற்காமல் ஆடியது. சில நிமிடத்தில் 10-க்குக் கீழே ஒரு கணம் தெரிந்தது. உடனே விளக்குகள் அணைந்தன. ஆசிரியர் அதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் அளக்கும். உண்மையான பள்ளம் அதைவிட ஆழமாக இருந்திருக்கும். நல்ல 12 வோல்ட் அடாப்டர் முழுச் சுமையிலும் 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. 5 சதவீதம் என்பது பொதுவான எல்லை.

ரவுட்டரைக் கூட்டாளியாக வைக்காமல் அடாப்டரை மட்டும் தனியே சோதிக்க, பைக் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 10 வாட் பல்பு போதும். அது ஏறத்தாழ 0.8 ஆம்பியர் இழுக்கும். பழைய அடாப்டரில் பல்பைக் கொடுத்தபோது வெளிச்சம் லேசாகத் துடித்தது, மீட்டரில் 10.2. சிசிடிவிக்கு வைத்திருந்த 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரில் அதே பல்பு அசையாமல் எரிந்தது, 12.0. இழை குளிர்ந்திருக்கும்போது பல்பு அதிக மின்னோட்டம் இழுக்கும் என்பதால், சில நல்ல அடாப்டர்களும் தங்கள் காப்புச் சுற்றினால் எரிய மறுக்கலாம். எரியாமல் போனதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எரிந்து, மின்னழுத்தம் சரிந்தால் சந்தேகமே இல்லை. பல்பு சுடும், தரையிலோ ஓட்டின் மேலோ வையுங்கள்.

மல்டிமீட்டரை ஏசியில் வைத்து அலைவைப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மலிவான மீட்டர்கள் அடாப்டரின் பல்லாயிரம் முறைத் துடிப்பைப் பார்க்கும் வேகம் இல்லாதவை. நேர் மின்னோட்டத்தையே ஏசி என்று தவறாகக் காட்டுபவையும் அவற்றில் உண்டு. அந்த எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

புது அடாப்டரில் ரவுட்டர் நிலைத்து ஓடியது. டிவியை 5-க்கு மாற்றிவிட்டதும் படமும் நிற்கவில்லை.

மீட்டர் இல்லாதவர்களுக்கு

மீட்டர் இல்லாவிட்டாலும் சந்தேகத்தை வலுப்படுத்தும் அடையாளங்கள் உண்டு. நம்மூரில் மிக முக்கியமானது இன்வெர்ட்டர். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்தக் கண நேரத்தில் மின்சாரம் இருக்காது. நல்ல அடாப்டர் தன் கெப்பாசிட்டரில் தேங்கியிருப்பதை வைத்து அந்தக் கணத்தைக் கடந்துவிடும். முன்பெல்லாம் இன்வெர்ட்டருக்கு மாறும்போது நெட் போகாது, இப்போது ஒவ்வொரு முறையும் ரவுட்டர் அணைந்து எழுகிறது என்றால், இன்வெர்ட்டர் அமைப்பு எதுவும் மாறாத நிலையில், அடாப்டரின் தேக்கம் குறைந்துவிட்டது. தண்ணீர் மோட்டாரோ பிரிட்ஜோ எடுக்கும்போது ரவுட்டர் எழுவதும் இதே வகை.  மற்ற அடையாளங்களுக்கு முன்பே இது தென்படலாம்.

அடுத்தது சுமையைக் குறைத்துப் பார்ப்பது. ரவுட்டரில் செருகியிருக்கும் பென் டிரைவையோ ஹார்ட் டிஸ்கையோ கழற்றுங்கள். 5 கிகாஹெர்ட்ஸை அமைப்பில் ஒரு நாள் அணைத்து வையுங்கள். அதன் பிறகு ரீஸ்டார்ட் நின்றால் ரவுட்டர் கேட்கும் மின்சாரத்துக்கும் கோளாறுக்கும் உறவு இருக்கிறது. ரவுட்டர் சூடேறினாலும் இதே பலன் கிடைக்கும் என்பதால், அதை வெளியே எடுத்து மின்விசிறிக் காற்றில் வைத்து, எல்லாவற்றையும் திரும்பப் போட்டுப் பாருங்கள். குளிர்ந்த ரவுட்டரும் அணைந்தால் சந்தேகம் அடாப்டரின் மேல் இன்னும் உறுதியாக விழுகிறது. ரவுட்டருக்கென்று தனி மினி யுபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். ரவுட்டர் அதன் பேட்டரியில் ஓடும்போது நிலையாக இருந்து, நேரடியாக அடாப்டரில் ஓடும்போது மட்டும் தடுமாறினால் விடை கிடைத்துவிட்டது.

பின்னைத் தொட்டு லேசாக அசைத்தாலே விளக்கு அணைகிறதென்றால் அது பின்னின் தளர்ச்சி. ரவுட்டரின் துளையில் கோளாறா, அடாப்டர் வயரில் கோளாறா என்று வேறு அடாப்டரைப் போட்டு அசைத்தால் தெரிந்துவிடும்.

மாற்று அடாப்டர் வாங்கும்போது

அடாப்டரின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் அவுட்புட் என்ற வரியைப் படியுங்கள். வோல்ட் எண் மாறக் கூடாது. 5 அல்லது 9 வோல்ட் ரவுட்டர்களும் புழக்கத்தில் உண்டு. பின் ஒரே அளவாக இருப்பதால் 12 வோல்ட்டை அவற்றில் செருகிவிட முடியும், ரவுட்டர் எரிந்துபோகலாம். ஆம்பியர் எண் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். 1.5 இருந்த இடத்தில் 2 போட்டால் ரவுட்டருக்குக் கெடுதல் இல்லை. அது தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும், அடாப்டரும் சற்றுக் குளிர்ச்சியாக ஓடும். குறைவாகப் போட்டால் புதிய அடாப்டரும் பழையதைப் போலவே நடந்துகொள்ளும்.

நடு முனை ப்ளஸ்ஸா என்பதைக் காட்டும் வட்டப்படம் ரவுட்டரிலும் அடாப்டரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னின் வெளி அளவு 5.5 மில்லிமீட்டர் என்றாலும் உள் துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை உண்டு. 2.1-க்கான துளையில் 2.5 பின்னைப் போட்டால் உள்ளே போகும், ஆனால் தொடர்பு தளர்வாக இருக்கும். நீங்கள் தீர்க்க வந்த கோளாறையே அது மறுபடி உண்டாக்கும். பழைய அடாப்டரைக் கையோடு எடுத்துப் போய் ஒப்பிட்டு வாங்குங்கள். இந்தியாவில் அடாப்டர்களுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். தாளில் அந்த முத்திரையும் பதிவு எண்ணும் இல்லாததைத் தவிர்த்துவிடுங்கள். எடைக்குறைவான, மிக மலிவான அடாப்டர்கள் சில 2 ஆம்பியர் என்று அச்சிட்டுக்கொண்டு அதில் பாதியைக்கூடத் தருவதில்லை. இண்டிகேட்டர் பல்பு சோதனையைக் கடையிலேயே செய்து பார்க்கக் கேட்பதில் தப்பில்லை. ரவுட்டர் நிறுவனத்துக்குச் சொந்தமானதாக இருந்தால், வாங்குவதற்கு முன் அவர்களிடம் அடாப்டர் கேட்டுப் பாருங்கள்.

பழைய அடாப்டரைப் பிரித்து கெப்பாசிட்டர் மாற்றுவது பயிற்சியுள்ளவர்கள் வேலை. உள்ளே முதல் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் இருக்கும். வீட்டில் அதைத் திறக்காதீர்கள்.

நல்ல அடாப்டரை, சுமையில் அளந்து உறுதி செய்துகொண்டு போட்ட பிறகும் ரவுட்டர் அதேபோல் எழுந்தால், ரவுட்டருக்குள்ளேயே உள்ள கெப்பாசிட்டர்களும் காய்ந்திருக்கலாம், அல்லது மென்பொருளில் கோளாறு இருக்கலாம். மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் ரவுட்டரை மாற்றுவதே சரி. அந்த நிலையில் இன்னொரு அடாப்டருக்குச் செலவு செய்யாதீர்கள்.

கழற்றிய அடாப்டரை எதற்காவது ஆகும் என்று டிராயரில் போடாதீர்கள். விளக்கு எரிகிறதே என்று ஆறு மாதம் கழித்து வீட்டில் யாராவது அதை வேறு கருவிக்குச் செருகுவார்கள், தொல்லை அங்கே தொடங்கும். பிளக்கிலிருந்து பிடுங்கிய பிறகு வயரை வெட்டிவிட்டு, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.